பதினொரு போட்டோ, நான்கு நிமிடம்: நண்பர்களின் கையெழுத்துக் குறிப்புகளைத் திருமண வாழ்த்துரையாக்க எந்த வழி நல்லது?

உயிர்த்தோழியின் கல்யாணத்தில் நான்கு நிமிடம் பேச வேண்டும். அதற்காகப் பழைய நண்பர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம் கையால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். நினைவுகள், கிண்டல்கள், யாரோ எப்போதோ சொன்ன ஒரு வசனம், ஓரத்தில் ஒரு கோட்டுப்படம் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. இதைப் பேச்சாக்க உட்காருகிறவர்கள் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். கையெழுத்தை எப்படி எழுத்தாக்குவது என்பது ஒன்று. வந்த எழுத்தை எந்த வடிவில் கோப்பது என்பது மற்றொன்று. முதல் முடிவில் தவறினால் நேரம் வீணாகும், பிழை நுழையும். இரண்டாவதில் தவறினால் பேச்சு பட்டியலாகிவிடும்.

கையில் ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். நான்கு பேர் அனுப்பிய 11 போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு விஷயங்கள், மொத்தம் 37.

முதலில் போட்டோவைச் சரிபாருங்கள்

எந்த வழியில் போனாலும் போட்டோ மோசமாக இருந்தால் வேலை இரட்டிப்பாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். ஆங்கிலக் கையெழுத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை, தமிழுக்கு நஷ்டம். காரணம் புள்ளி. பால்பாயிண்ட் பேனாவில் வைத்த சின்னப் புள்ளி, படம் சுருங்கும்போது காகிதத்தின் நிறத்தோடு கரைந்துவிடும். அதனால் படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது எடுத்த அளவிலேயே வந்து சேரும்.

பின்பக்க மை முன்பக்கம் தெரிகிறதென்றால், தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வைத்து மறுபடி எடுக்கச் சொன்னால் போதும். ஃபிளாஷ் வேண்டாம். அது நடுவில் வெள்ளைத் திட்டாக விழுந்து இரண்டு வரியை விழுங்கிவிடும். ஜன்னல் ஓரத்தில், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுப்பதே சிறந்தது.

வந்தவுடன் 01, 02 என்று எண்ணிட்டு, யார் எழுதியது என்பதையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்தவற்றின் பெயரில் இருக்கும் `WA0003` போன்ற எண்ணைப் பக்க வரிசை என்று நம்ப முடியாது. ஒருவர் மூன்றாம் பக்கத்தை முதலில் அனுப்பியிருந்தால், கிண்டலின் முடிவு தொடக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

மென்பொருள், குரல், விரல்

படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள்தான் பலருக்கும் முதலில் தோன்றும். கூகுள் லென்ஸில் படத்தைக் காட்டி எழுத்தை நகலெடுக்கலாம். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, வலது கிளிக் செய்து `Open with` வழியாக `Google Docs` இல் திறந்தால் படத்தின் கீழே எழுத்து வந்து விழும். அச்சிட்ட தமிழுக்கு இரண்டுமே நன்றாக உதவும். கையெழுத்து வேறு கதை. கோடு போட்ட தாளில் நிறுத்தி, பிரித்துப் பிரித்து எழுதியவரின் பக்கம் ஓரளவு தேறும். அவசரமாகச் சேர்த்து எழுதியவரின் பக்கம் தேறாது. டெசராக்ட் போன்ற இலவச மென்பொருளின் தமிழ்த் தரவு அச்செழுத்தைப் பார்த்துப் பழகியது. கையெழுத்துக்கு அதை எடுப்பதில் பயனில்லை.

உளறலாக வரும் வரியைப் பற்றிக் கவலை வேண்டாம், பார்த்ததும் தெரிந்துவிடும். ஒழுங்கான தமிழாகவே வரும் தவறான வரிதான் ஆபத்து. ஒரு தோழி எழுதியது: “பரீட்சைக்கு முதல் நாள் என் நோட்டைக் கொடுத்தாள்.” அதில் ‘கொ’வின் கால் அடுத்த எழுத்தோடு ஒட்டியிருந்தால் மென்பொருள் படிப்பது: “என் நோட்டைக் கெடுத்தாள்.” இலக்கணம் சரி, எழுத்துப்பிழை இல்லை, சொல்திருத்தியும் சிவப்புக் கோடு போடாது. ஆனால் நன்றி சொல்லும் நினைவு குற்றச்சாட்டாக மாறிவிட்டது. “படம் எடுத்தாள்”, “பாடம் எடுத்தாள்” என்பதும் அதே ரகம். ‘ர’வும் காலும் ஒரே மாதிரி எழுதுகிறவர்கள், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் காட்டாதவர்கள், புள்ளியே வைக்காதவர்கள் என்று ஒவ்வொரு கைக்கும் ஒரு குணம் உண்டு. எழுதியவரைத் தெரிந்த மனிதர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். மென்பொருளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இரண்டாவது வழி, படத்தைப் பார்த்து உரக்க வாசித்து, ஜிபோர்டு போன்ற விசைப்பலகையின் மைக்கில் தமிழில் பதியவிடுவது. வேகம் அதிகம். வாசிக்கும்போதே கையெழுத்தை நீங்கள் படித்து முடிவெடுத்துவிடுவதால், கொடுத்தாளும் கெடுத்தாளும் குழம்புவது குறைவு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. வாசிக்கும்போது நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அந்த வரி மேடைக்கு ஆகாது என்று அங்கேயே தெரிந்துவிடும். குறைகளும் இருக்கின்றன. நிறுத்தக்குறிகள் பெரும்பாலும் வராது. செல்லப்பெயர்கள் சிதையும். “வந்துட்டா”, “தொலைச்சிட்டா” போன்ற பேச்சு வடிவங்கள் சில நேரம் சரியாகவும், சில நேரம் இரண்டாக உடைந்தும், சில நேரம் வேறு சொல்லாகவும் விழும். கிண்டலின் உயிர் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது என்றால் அந்த வரியைக் கையால் திருத்தித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது வழி விரலால் தட்டுவது. பிழை குறைவு, நேரம் அதிகம். பதினொரு பக்கத்தையும் தட்டி முடிக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

எல்லாவற்றையும் எழுத்தாக்க வேண்டுமா?

வேண்டாம். மூன்று வழிகளையும் ஒப்பிடுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் போகும். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம். ஒரு பக்கத்தைக் கடிகாரம் வைத்து வாசித்து எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்துக்கு 360 சொற்கள். நான்கு இடங்களில் சபை சிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி நிற்க வேண்டும். அது ஒரு 30 சொற்களைத் தின்றுவிடும். மிச்சம் 330. இதில் தொடக்கத்துக்கும் வாழ்த்துக்கும் 80 போனால், நினைவுகளுக்கு 250தான். ஒரு நினைவைச் சபை கண்ணால் பார்ப்பதுபோலச் சொல்ல 70, 80 சொற்களாவது வேண்டும். ஆக, 37இல் மேடையேறப்போவது மூன்று.

மூன்றுக்காக 37ஐயும் தட்டச்சு செய்வது வீண் உழைப்பு. அதனால் செய்ய வேண்டியது பொருளடக்கம். போட்டோ எண், எழுதியவர், ஐந்தாறு சொல்லில் விஷயம். “04, ரூம்மேட், சாவி மூன்றாம் தடவை, வாட்ச்மேன்” என்று ஒரு வரி போதும். 37 வரிகள், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இதற்குக் குரல் வழிதான் மிகப் பொருத்தம். சுருக்கக் குறிப்பில் பிழை விழுந்தாலும் போட்டோ எண் இருப்பதால் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்த பிறகு, சொல்லுக்குச் சொல் அப்படியே வேண்டிய பகுதிகளை மட்டும் விரலால் தட்டுங்கள். யாராவது வாயால் சொன்ன வசனம், கிண்டலின் கடைசி வரி, ஒரு குறிப்பிட்ட தேதி. கூட்டினால் நூறு சொற்கள் வராது.

மென்பொருளுக்கு இடமே இல்லையா என்றால் உண்டு. குறிப்புகள் முப்பது பக்கத்தைத் தாண்டினால், எழுதியவர்களின் கையெழுத்து தெளிவாக இருந்தால், குறிப்பிட்ட சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க அது உதவும். ‘சாவி’ என்று தேடினால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும். அங்கிருந்து மேடைக்கு வரியை நகலெடுக்கக் கூடாது. போட்டோவைத் திறந்து கண்ணால் படித்த பிறகே எடுக்க வேண்டும்.

37இலிருந்து மூன்றுக்கு

சல்லடை மூன்று. ஒரு வாக்கியத்துக்கு மேல் விளக்கினால்தான் சிரிப்பு வரும் என்ற கிண்டல் போகட்டும். நான்கு பேர் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்க, நூறு பேர் அவர்களைத் திரும்பிப் பார்ப்பது மணமகளுக்கு மகிழ்ச்சி தராது. பழைய காதல், கடன், சண்டை, வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாத எதுவும் போகட்டும். எழுதியவர் ஆசையாக எழுதியிருந்தாலும் அது குழுவுக்குள் இருக்க வேண்டியது. கடைசியாக, யாரைப் பற்றியும் சொல்லக்கூடிய வரிகள் போகட்டும். “அவளுக்குத் தங்க மனசு” என்பதை மூன்று பேர் எழுதியிருந்தார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதில் அவள் முகம் தெரியவில்லை.

இப்படிச் சலித்ததில் ஒன்பது மிஞ்சின. பொருளடக்கத்தில் அவை அடுத்தடுத்து நின்றபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தனித்தனியாக எழுதிய நான்கு பேரில் மூன்று பேர் அவள் எதையோ தொலைத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பலர் எழுதிய குறிப்புகளின் அருமை இதுதான். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் ஒரே குணத்தைச் சுட்டியிருந்தால், அந்தக் குணம் உண்மையானது. அதையே நூலாகப் பிடிக்கலாம்.

கோப்பதற்கு மூன்று வடிவங்கள்

பலரும் கையில் எடுப்பது காலவரிசை. சந்தித்த நாள், படித்த நாட்கள், வேலை, இன்று. எழுத எளிது, ஞாபகத்திலும் நிற்கும். ஆனால் பலரின் குறிப்புகளை இதில் போட்டால் ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். “அப்புறம்”, “அதுக்கப்புறம்” என்று இணைப்புச் சொல் பெருகத் தொடங்கினால் பேச்சு பட்டியலாகிவிட்டதற்கு அதுவே அடையாளம். தோழி பெரிய மாற்றம் ஒன்றைக் கடந்து வந்தவர், அதைச் சொல்வதில் அவருக்கும் சம்மதம் என்றால் மட்டும் காலவரிசைக்கு ஒரு நியாயம் உண்டு.

ஒரே நிகழ்ச்சியை நான்கு நிமிடமும் விரிப்பது இரண்டாவது வடிவம். நல்ல கதைசொல்லியின் கையில் இதற்கு ஈடில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியில் பேசுகிறவரும் இருந்திருக்க வேண்டும். வேறொருவர் எழுதிய நினைவைத் தன்னுடையதுபோல நான்கு நிமிடம் சொல்வது பொய்யாகிவிடும். எழுதியவரும் அதே பந்தலில் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது, ஒரு குணமும் அதற்கு மூன்று சாட்சிகளும். போட்டோக் குறிப்புகளுக்கு இதுவே பொருந்தும் என்பது எங்கள் தீர்ப்பு. சாட்சிகளை வெவ்வேறு பேர் சொன்னதாகவே சொல்லலாம். “அவ ரூம்மேட் எழுதி அனுப்பினது இது” என்று தொடங்கினால் யாருடைய நினைவும் திருடப்படவில்லை. அனுப்பியவருக்கும் முகம் மலரும். நம் உதாரணத்தின் நூல் இது: அவள் பொருளையெல்லாம் தொலைப்பாள், ஆட்களைத் தொலைக்க மாட்டாள். முதல் சாட்சி சிரிப்புக்கு (சாவி). இரண்டாவது திருப்பத்துக்கு (போனைத் தொலைத்த இரவில் பத்து நண்பர்களின் எண்களை மனப்பாடமாகச் சொன்னது). மூன்றாவது நெகிழ்ச்சிக்கு (தவறான ஸ்டேஷனில் இறங்கிவிட்ட தோழியை நள்ளிரவில் தேடிப்போனது). வரிசையை மாற்றி நெகிழ்ச்சியை முதலில் வைத்தால், சாவிக் கதை வரும்போது சபைக்குச் சிரிக்கலாமா என்று தயக்கம் வரும்.

எழுதிய கிண்டலைப் பேசும் கிண்டலாக்குவது

நான்காம் போட்டோவில் ரூம்மேட் எழுதியது இப்படி இருந்தது:

“சாவி 3வது தடவை!!! வாட்ச்மேன் தாத்தா ‘ஒரு ஸ்க்ரீன் போட்டுக்கோ’ன்னு சொல்லிட்டு பூட்டை உடைச்சார் (கதவு எதுக்குன்னு கேட்டார்)”

தாளில் இது சிரிப்பு வரவழைக்கிறது. மூன்று ஆச்சரியக்குறி இருக்கிறது, பக்கத்தில் கதவுக்குப் பதில் ஸ்க்ரீன் தொங்கும் கோட்டுப்படம் இருக்கிறது. வாயால் சொன்னால் எதுவும் இல்லை. சிரிப்பு வர வேண்டிய சொல் நடுவில் வந்து, அதற்குப் பின்னால் பூட்டு உடைபடுகிறது, அதற்கும் பின்னால் கேள்வி வருகிறது. சபை சிரிக்க வாயெடுக்கும்போது பேச்சாளர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்.

நடந்த வரிசையில் அடுக்கி, அந்தச் சொல்லைக் கடைசிக்குத் தள்ளியதும் இப்படி ஆயிற்று:

“ஒரே மாசத்துல மூணாவது தடவை சாவியத் தொலைச்சிட்டா. மூணாவது தடவையும் பூட்ட உடைக்க வந்தது அதே வாட்ச்மேன் தாத்தாதான். உடைச்சு முடிச்சார். சுத்தியலக் கீழ வச்சார். இவளப் பார்த்துக் கேட்டார்: ‘உனக்குக் கதவு எதுக்கும்மா? ஒரு ஸ்க்ரீன் போட்டுக்கோ.’”

“ஒரே மாசத்துல” என்பது தாளில் இல்லை. ரூம்மேட்டிடம் போனில் கேட்டு உறுதிசெய்த பிறகே சேர்த்தது. சுத்தியலும், பூட்டை உடைத்த பிறகுதான் தாத்தா அதைச் சொன்னார் என்ற வரிசையும் அப்படித்தான். இந்த மாதிரி ஒரு பொருள், ஒரு கால அளவு தேவைப்பட்டால் ஒரு நிமிட அழைப்பில் கிடைத்துவிடும். நாமே இட்டுக்கட்டினால் அங்கிருந்தவர்கள் மேடைக்குக் கீழேயிருந்தே திருத்துவார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல், வினைச்சொல் கடைசியில் வந்து உட்காருவது. “பைக்குள்ள பார்த்தா என் சாவி இருந்துச்சு” என்றால், ஆச்சரியம் ‘என் சாவி’யில் இருக்கிறது, வாக்கியமோ ‘இருந்துச்சு’ என்று தளர்ந்து முடிகிறது. “பைக்குள்ள இருந்தது, என் சாவி” என்று திருப்பினால் சிரிப்பு சரியான இடத்தில் விழும். ‘வந்தது அவர்’, ‘கேட்டது இவள்’ என்று வினையைப் பெயராக்கி முன்னால் நகர்த்தும் இந்த வழி நம் பேச்சில் ஏற்கெனவே உள்ளதுதான். ஒவ்வொரு கிண்டலின் கடைசி வரியையும் இப்படி ஒருமுறை சோதித்துவிடுங்கள். எல்லா வாக்கியத்துக்கும் செய்தால் பேச்சு விடுகதை போலாகிவிடும். சிரிப்பு விழும் வரிக்கு மட்டும்.

எழுதும்போதே மேடையில் பேசும் மொழியில் எழுதுங்கள். “தொலைத்துவிட்டாள்” என்று எழுதி வைத்துக்கொண்டு மேடையில் “தொலைச்சிட்டா” என்று மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், படபடப்பில் தாளில் உள்ளதையே வாசித்துவிடுவார்கள். பாதி செய்தி வாசிப்புபோலவும் பாதி அரட்டைபோலவும் ஆகிவிடும். உற்ற தோழியைப் பற்றிப் பேசும்போது அது மிகவும் அந்நியமாகக் கேட்கும்.

முடிக்கும் வரி

மணமகனைப் பற்றிக் குறிப்புகளில் பெரும்பாலும் எதுவும் இருக்காது, எழுதியவர்கள் எல்லாம் அவள் பக்கத்து நண்பர்கள். அதனால் கடைசியில் அவரைப் புகழ்ந்து ஒரு பத்தி ஒட்டவைப்பார்கள், ஒட்டாது. பிடித்த நூலின் நுனியை அவர் கையில் கொடுத்துவிடுவதே நல்லது:

“மாப்பிள்ளை, உங்க சாவி, கண்ணாடி, சார்ஜர், எதுக்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனா உங்களத் தொலைக்க மாட்டா. அதுக்கு நாங்க நாலு பேரும் உத்தரவாதம்.”

இதற்குப் பின்னால் வாழ்த்து ஒரே வாக்கியம். எல்லோரையும் எழுந்து நிற்கவோ கிளாஸை உயர்த்தவோ சொல்வதென்றால், அதையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். வாழ்த்தைச் சொன்ன பிறகு “இன்னொரு விஷயம்” என்று தொடர்ந்தால், உயர்ந்த கைகள் நடுவில் நிற்கும்.

கையில் எதை வைத்துக்கொள்வது

போனைப் பார்த்துப் பேசினால் திரை அணையும், அழைப்பு வரும், வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. முழுப் பேச்சையும் அச்சடித்த தாள், பேச்சாளரின் கண்ணைக் கீழேயே பிடித்து வைத்துக்கொள்ளும். முழுக்க மனப்பாடம் செய்தால், ஒரு சொல் மறந்தால் அடுத்த வரியும் சேர்ந்து போய்விடும். உள்ளங்கை அளவு அட்டை ஒன்று போதும். அதில் தொடக்க வரி முழுதாக, மூன்று சாட்சிகளுக்கும் ஒவ்வொரு சொல் (சாவி, எண்கள், ஸ்டேஷன்), தாத்தா சொன்ன வசனம் அப்படியே, முடிக்கும் வரி முழுதாக. எழுத்து, கையை நீட்டிப் பிடித்தாலும் படிக்கும் அளவில் இருக்கட்டும்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, மூன்று சாட்சிகளையும் அனுப்பியவர்களுக்கு அவரவர் பகுதியை மட்டும் போனில் வாசித்துக் காட்டிவிடுங்கள். நடந்தது அப்படித்தானா, சபையில் சொல்லலாமா என்று கேட்க வேண்டியவை இந்த இரண்டுதான். ஸ்டேஷன் கதையில் இறங்கிவிட்ட அந்தத் தோழி வேண்டாம் என்றால், ஒன்பதில் மிஞ்சிய ஆறிலிருந்து இன்னொன்றை எடுக்க அப்போதும் நேரம் இருக்கும். பொருளடக்கத்தை அதுவரை அழித்துவிடாதீர்கள்.